பாலில் உள்ள சீனியா, புரதமா?

"பிள்ளைக்குப் பால் ஒத்துவருதில்ல, மிஸ்."

கற்பிட்டியில் ஒரு கிளினிக் நாளில் வரிசையில் நிற்கும் தாய் மருத்துவமாதிடம் இப்படித்தான் சொல்வார். உடப்பிலும் முந்தலிலும் சிலாபத்திலும் இதே பேச்சுதான். தாயின் கண்ணுக்குப் பட்டது ஒன்றே ஒன்று: பால் உள்ளே போனால் பிள்ளையின் வயிறு கெடுகிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று பாலின் சீனி செரிக்காமல் வருவது. மற்றது பாலின் புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது. முன்னதற்கு ஏற்ற பால்மா, பின்னதற்குக் கெடுதல்.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இவர்கள் யாருடைய பிள்ளைகளும் அல்லர். குழந்தை வைத்தியத்தில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு வடிவங்களுக்கு இந்தக் கரையோரத்து முகத்தை நான் கொடுத்திருக்கிறேன்.

முதல் பிள்ளை பாலாவிப் பக்கம், உப்பளத்துக்கு அருகில். வயது ஐந்து மாதம். தாய்ப்பாலும் உண்டு, பால்மாவும் உண்டு. காய்ச்சல், சத்தி, மூன்று நாள் வயிற்றோட்டம் என்று வந்து, ஜீவனி கொடுத்து, காய்ச்சல் விட்டுவிட்டது. வயிற்றோட்டம் மட்டும் விடவில்லை. பன்னிரண்டாம் நாளும் ஒவ்வொரு போத்தலுக்குப் பின்னும் வயிறு உப்பி, தண்ணீராக, நுரையோடு, புளித்த வாடையோடு வெடித்துப் போகிறது. பின்புறத் தோல் வெந்தது போலச் சிவந்திருக்கிறது.

இரண்டாம் பிள்ளை கண்டக்குழியில். நான்கு மாதம், ஆறு கிலோ. மூன்று மாதம் வரை தாய்ப்பால் மட்டும், ஒரு குறையும் இல்லை. உம்மா கருவாட்டு வாடிக்கு வேலைக்குத் திரும்பியதும் பகலில் பால்மா தொடங்கியது. இரண்டு கிழமைக்குள் மலத்தில் சளி, அதில் நூல் போல இரத்தக் கோடு. கன்னத்தில் சொரசொரப்பான செந்தடிப்பு. காய்ச்சல் இல்லை, பிள்ளை சிரிக்கிறது, நிறையும் ஏறுகிறது.

முதல் பிள்ளையின் கதை சீனியின் கதை. பாலில் உள்ள சீனி லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதியம் சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் முளைகளின் நுனியில் இருக்கிறது. ரோட்டா போன்ற வைரசு வந்து குடலைத் தாக்கும்போது முதலில் உதிர்வது அந்த நுனிதான். உடையாத சீனி பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவும் அமிலமும் ஆக்குகின்றன, சீனி தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. நுரை, வாடை, வெந்த தோல் எல்லாம் இதிலிருந்து வருபவை. இதில் நோயெதிர்ப்புச் சக்திக்கு வேலையே இல்லை. அதனால் இரத்தம் வராது, தோல் தடிக்காது, மூச்சு இரையாது.

வீட்டில் உம்மம்மா உடனே சொல்லக்கூடியது: "எனக்கும் பால் குடிச்சா வயிறு பொருமும், அதுதான் பேரனுக்கும்." பாசமான கணக்கு, ஆனால் தவறான கணக்கு. உலகில் பெரும்பாலானோருக்கு வரும் அந்தப் பரம்பரைக் குறைபாடு கைக்குழந்தைப் பருவம் கழிந்த பிறகுதான் மெல்லத் தலைகாட்டும். கைக்குழந்தை லாக்டோஸுக்காகவே பிறந்தது. 100 மில்லி லீற்றர் தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசுப்பாலில் 5 கிராம்கூட இல்லை. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத பிள்ளை மிக மிக அரிது. அந்தக் குறைபாடு அதிகம் பதிவானது பின்லாந்தில். அப்படிப் பிறந்த பிள்ளை தாய்ப்பாலின் முதல் நாட்களிலேயே கடும் வயிற்றோட்டத்தில் விழுந்துவிடும், ஐந்து மாதம் நன்றாக இருந்துவிட்டு வராது. ஆகவே குறைமாதத்தில் பிறக்காத ஒரு கைக்குழந்தைக்கு லாக்டோஸ் ஒத்துவரவில்லை என்றால், குடலில் வேறு ஏதோ காயம் முதலில் நடந்திருக்கிறது என்று பொருள். அந்தக் காயம் என்ன என்று கேட்காமல் டின்னை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பழைய, மலிவான வழி உண்டு. மலத்தின் தண்ணீர்ப் பகுதியை இரு மடங்கு நீரில் கலந்து, தெளிந்ததில் எட்டுச் சொட்டு எடுத்து, 5 மில்லி லீற்றர் பெனடிக்ட் கரைசலில் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏற ஏறச் சீனி அதிகம். கூடவே மலத்தின் பி.எச். 5.5க்குக் கீழே இறங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் இந்தச் சோதனை கெட்டுப்போகும் இடங்கள் பல. நப்பி தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சீனியும் அதோடு போய்விடும். மிஞ்சிய கெட்டியைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று எழுதுவார்கள். மாதிரியை வெயிலில் மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரம் கொண்டுபோனால் வழியிலேயே பக்டீரியா சீனியைத் தின்றுவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சுகமான பிள்ளையின் மலத்திலும் சீனி இருக்கும், அமிலமும் இருக்கும். அதை நோய் என்று வாசித்துத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. புரத ஒவ்வாமையால் குடற்சுவர் காயப்பட்டாலும் இதே சோதனை இதே நிறத்தைக் காட்டும். ஆகவே செங்கல் நிறம் வந்துவிட்டது என்பதற்காக ஒவ்வாமை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பாலாவிப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. தாய்ப்பால் தொடரும், ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பால்மாப் பங்கை மட்டும் இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்கு லாக்டோஸ் இல்லாத குழந்தைப் பால்மாவாக மாற்றுவார்கள். அதற்குள் குடல் முளைகள் திரும்ப வளர்ந்துவிடும். பிறகு பழைய பால்மாவுக்கே திரும்ப வேண்டும். நடைமுறையில் மறந்துபோவது இந்தத் திரும்புதல்தான். வயிறு சரியானதும் கிளினிக்குக்கு யாரும் போவதில்லை, விலை கூடிய டின் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

கண்டக்குழிப் பிள்ளைக்கு வருவோம். பசுப்பாலில் கேசீனும் மோர்ப் புரதங்களும் உண்டு. மோர்ப் புரதங்களில் ஒன்றான பீட்டா-லாக்டோகுளோபுலினை மனிதத் தாயின் மார்பு சுரப்பதே இல்லை. சில பிள்ளைகளின் உடம்பு இவற்றை அந்நியன் என்று அடையாளம் கண்டு எதிர்க்கிறது. எதிர்க்கும் விதம் இரண்டு. ஒன்று ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள் வழியாக வருவது. குடித்துச் சில நிமிடங்களில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், சத்தி வரும், இரைக்கும், சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். மற்றது தாமத வகை. மணிக்கணக்கில் அல்லது இரண்டு மூன்று நாள் கழித்து, மலத்தில் சளி இரத்தம், கரப்பான், ஓயாத சத்தி என்று வரும். முன்னதற்கு இரத்தத்திலோ தோலிலோ சோதனை செய்து பார்க்கலாம். கண்டக்குழிப் பிள்ளைக்கு இருப்பதாகத் தோன்றும் தாமத வகைக்குச் சோதனையே கிடையாது. இரத்தச் சோதனை ஒன்றும் காட்டவில்லை என்று வந்தால் அது பிள்ளைக்கு ஒவ்வாமை இல்லை என்ற தீர்ப்பு ஆகாது. பாலை நிறுத்திப் பார்த்து, மீண்டும் கொடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

இந்த இடத்தில் நடக்கும் தவறுதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றக் காரணம். "பால் ஒத்துவருதில்ல" என்ற அதே வாக்கியத்தோடு வாப்பா மருந்துக்கடைக்குப் போகிறார். கடையில் இருப்பது லாக்டோஸ் இல்லாத டின். அதில் சீனியை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள், பசுப்பால் புரதம் முழுதாக அப்படியே இருக்கிறது. பிள்ளைக்கு இரத்தம் நிற்காது. இன்னொரு டின்னில் 'எச்.ஏ.' என்று எழுதியிருக்கும். அதில் புரதத்தை அரைகுறையாகத்தான் சிதைத்திருக்கிறார்கள், ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளைக்கு அது மருந்தல்ல. அடுத்த வீட்டில் ஆடு இருக்கிறது, ஆட்டுப்பால் குளிர்ச்சி என்பார்கள். பசுப்பால் கேசீனுக்கும் ஆட்டுப்பால் கேசீனுக்கும் உறவு நெருக்கம். பசுப்பாலில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. அதில் ஃபோலேட்டும் மிகக் குறைவு.

சரியான வகைக்கு டின்னில் 'எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரொலைஸ்ட்' என்று இருக்கும். புரதத்தை உடம்பு அடையாளம் காண முடியாத அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டியிருப்பார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இது ஒத்துவரும். இந்த வகை டின்கள் சிலவற்றில் லாக்டோஸ் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. இந்தப் பிள்ளைக்குச் சீனியால் பிரச்சினையே இல்லை என்பதை நினைத்தால் அந்தப் பயம் தேவையில்லை. அதுவும் ஒத்துவராதவர்களுக்கும், உயிராபத்தான தாக்கம் வந்தவர்களுக்கும், நிறை ஏறாமல் நிற்பவர்களுக்கும்தான் அமினோ அமிலப் பால்மா. சோயாப் பால்மாவை ஆறு மாதத்துக்கு முன் எடுப்பதில்லை.

ஆனால் கண்டக்குழிப் பிள்ளைக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த டின் என்பதல்ல, டின் வேண்டுமா என்பது. தாய்ப்பால் மட்டும் குடித்த மூன்று மாதமும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அந்த மூன்று மாதமும் உம்மா தேநீரில் பால்மா போட்டுத்தான் குடித்தார். அப்படியானால் அவர் பாலை விடத் தேவையில்லை. பால்மாவை நிறுத்தி, காலையில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போக வழி இருந்தால், வைத்தியம் அதோடு முடிந்தது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் போதும் இரத்தம் வந்தால்தான் உம்மா இரண்டு முதல் நான்கு கிழமை பாலை முற்றாக விட்டுப் பார்ப்பார். அப்போது கல்சியத்துக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை, முள்ளோடு தின்னும் நெத்தலி இருக்கிறது. கிளினிக்கில் கொடுக்கும் 'கல்சியம் லக்டேட்' குளிசையைப் பெயரைப் பார்த்துப் பால் என்று நினைத்து எறிந்துவிடக் கூடாது. அது லக்டிக் அமிலத்தின் உப்பு, லாக்டோஸ் அல்ல.

பீய்ச்சியும் போதாமல் பகலில் மூன்று வேளை, வேளைக்கு 120 மில்லி லீற்றர் தேவைப்படுகிறது என்று வைப்போம். நாளுக்கு 360 மில்லி லீற்றர், ஏறத்தாழ 50 கிராம் மா. 400 கிராம் டின் எட்டு நாள் வரும். மாதத்துக்கு நான்கு டின். இந்தக் கணக்கை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் கிழமையில் டின்னை நீட்டிக்க மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள், அடுத்த கிளினிக்கில் பிள்ளையின் நிறைக்கோடு படுத்திருக்கும்.

தண்ணீர் என்றதும் கற்பிட்டியில் நின்று யோசிக்க வேண்டும். மணல் நிலம், தரைக்குக் கொஞ்சம் கீழேயே நன்னீர், மேலே வெங்காயம், மிளகாய், மரக்கறி என்று பசளை கொட்டும் தோட்டங்கள். இந்தக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாக அளந்து எழுதி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தலில் குடிக்கும் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து, உதடும் நகமும் நீலம் பூக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். தாய்ப்பாலில் இருந்த பிள்ளைக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. டின்னைத் திறக்கும் நாளில்தான் கிணறும் பிள்ளையின் உணவாகிறது. ஆகவே சோதித்த குழாய்நீர் கிடைக்கிறதா, எந்தக் கிணறு என்பதும் பால்மாத் தெரிவின் ஒரு பகுதிதான்.

பால்மா மாற்றிய நாளில் இருந்து இரத்தம் ஒரு கிழமைக்குள் குறைய வேண்டும், கரப்பானுக்கு இன்னும் சில கிழமை. நான்கு கிழமையில் பிள்ளை சுகம். வீட்டார் இங்கேயே நின்றுவிட விரும்புவார்கள். ஆனால் சுகமானது பால்மா மாறியதாலா, தானாகவா என்பது இன்னும் தெரியாது. பின்லாந்தில் மலத்தில் இரத்தம் வந்த 40 கைக்குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், பசுப்பால் ஒவ்வாமை உறுதியானது 18 சதவீதத்தினருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு இரத்தம் வேறு காரணங்களால் வந்து, தானாகவே நின்றது. ஆகவே பழைய பால்மாவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் முதல் போத்தலில் 30 மில்லி லீற்றர் பழைய பால், மீதி புதியது. அடுத்த நாள் 60, அதற்கடுத்த நாள் 90. மூன்றாம் நாள் சளியும் இரத்தமும் திரும்பினால் ஒவ்வாமை உறுதி. நிறுத்திவிட்டுப் புதிய பால்மாவுக்குத் திரும்பலாம். ஒரு கிழமை கழித்தும் ஒன்றும் இல்லை என்றால் பிள்ளைக்கு அந்த நோயே இல்லை. இந்தப் பரீட்சையை வீட்டில் செய்யலாம் என்பது தாமத வகைக்கு, அதுவும் வைத்தியர் சரி என்ற பிறகு. உதடு வீங்கிய, தடித்த, இரைத்த பிள்ளைக்கும், குடித்துச் சில மணி நேரத்தில் ஓயாமல் சத்தி எடுத்து வெளிறித் துவண்டுபோன பிள்ளைக்கும் ஒரு சொட்டும் வீட்டில் வைத்துக் கொடுக்கக் கூடாது.

இந்த மறுபரீட்சையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரித்தானியா உதாரணம். பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் 2018இல் கிறிஸ் வான் டல்லெகன் எழுதிய கட்டுரையின்படி, 2006க்கும் 2016க்கும் இடையில் அங்கு ஒவ்வாமைப் பால்மாவுக்கு எழுதப்பட்ட சீட்டுகள் சுமார் 1 லட்சத்து 5 ஆயிரத்தில் இருந்து 6 லட்சத்துக்கு மேல் போயின. அரசு சுகாதார சேவைக்கு ஆன செலவு 81 லட்சம் பவுணில் இருந்து 6 கோடிக்கு மேல். ஒவ்வாமை அந்த அளவில் பெருகியதற்குச் சான்று இல்லை. அழும் பிள்ளை, கக்கும் பிள்ளை எல்லாருக்கும் அந்தப் பெயர் சூட்டப்பட்டது, வழிகாட்டிகளை எழுதியோரில் பலருக்குப் பால்மா நிறுவனங்களோடு தொடர்பு இருந்தது என்பது அவர் வாதம்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில், கிளினிக் கொப்பி என்று நாம் சொல்லும் அதில், என்ன எழுதப்படுகிறது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. "பால் அலர்ஜி, மா மாற்றவும்" என்று ஒரு வரி எழுதினால் அது பிள்ளையோடு ஆண்டுக்கணக்கில் நடக்கும். கண்டக்குழிப் பிள்ளைக்கு நான் எதிர்பார்க்கும் பதிவு கொஞ்சம் நீளமானது: மூன்று மாதம் வரை தாய்ப்பால் மட்டும், குறை இல்லை. பால்மா தொடங்கி 12ஆம் நாள் சளி, இரத்தக் கோடு, கன்னத்தில் கரப்பான். தடிப்பு, வீக்கம், இரைப்பு இல்லை. நிறை 6 கிலோ, பச்சைப் பகுதிக்குள். பசுப்பால் புரத ஒவ்வாமை, தாமத வகை என்று சந்தேகம். லாக்டோஸ் பிரச்சினை அல்ல. தாய்ப்பால் தொடர்கிறது, தாய்க்குப் பத்தியம் இல்லை. பெருமளவு சிதைத்த புரதப் பால்மா, வேளைக்கு 120, நாளுக்கு மூன்று வேளை, டின்னில் சொன்ன கரண்டிக் கணக்குப்படி, குழாய்நீரில். நான்கு கிழமையில் மறுபரீட்சை, திகதி இது.

பால்மாவின் வியாபாரப் பெயரை எழுதாமல் வகையை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021இலும் 2022இலும் பால்மாவுக்காக நாம் நின்ற வரிசைகள் மறந்திருக்காது. கொப்பியில் பெயர் மட்டும் இருந்து அந்த டின் கடையில் இல்லாதபோது, கடைக்காரர் தம்மிடம் உள்ளதைக் கொடுப்பார். வகை எழுதியிருந்தால் அதே வகையில் வேறொன்றைக் கேட்கலாம்.

அந்தப் பதிவில் "தாமத வகை" என்ற இரண்டு சொற்களுக்கும், "தடிப்பு, வீக்கம், இரைப்பு இல்லை" என்ற வரிக்கும் இலங்கையில் தனி எடை இருக்கிறது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ராஜீவ டி சில்வாவும் குழுவினரும் தடுப்பூசிக்குப் பின் உடனடி ஒவ்வாமை வந்த பிள்ளைகளை ஆராய்ந்து, 2017இல் 'வக்சின்' இதழில் எழுதினார்கள். ஊசி மருந்தில் நுண்ணளவில் தங்கியிருக்கக்கூடிய மாட்டு இரத்தப் புரதமான அல்புமினுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கண்டது. அதே புரதம் பசுப்பாலிலும் உண்டு. ஒன்பதாம் மாதம் எம்.எம்.ஆர். ஊசிக்குப் பிள்ளை வரும்போது வைத்தியர் கொப்பியைப் புரட்டுவார். உடனடி வகை ஒவ்வாமை இருந்த பிள்ளையை எங்கே, எப்படிக் கவனித்து ஊசி போடுவது என்று அவர் தீர்மானிக்க வேண்டும். வெறும் வயிற்றோட்டத்துக்குப் பின் நான்கு கிழமை லாக்டோஸ் ஒத்துவராத பாலாவிப் பிள்ளையின் கொப்பியிலும் "பால் அலர்ஜி" என்றே எழுதியிருந்தால், தேவையில்லாமல் அந்தப் பிள்ளையின் ஊசி தள்ளிப்போகும். உதடு வீங்கிய இன்னொரு பிள்ளையின் கொப்பியில் "லாக்டோஸ் ஒத்துவராது" என்று இருந்தால், கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள்.

மறுபரீட்சையில் ஒவ்வாமை உறுதியாகி, கண்டக்குழிப் பிள்ளைக்கு இப்போது ஒரு வயது என்று வைப்போம். இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வயதளவில் விட்டுப்போகும், அதையும் கொடுத்துப் பார்த்தே அறிய வேண்டும். நன்றாக வெந்த பால் முதலில், அதாவது மாவோடு சேர்த்துச் சுட்ட பண்டம். பச்சைப் பால் கடைசியில். கொப்பியில் வைத்தியர் சொன்னபடி உம்மா எழுதிக்கொண்டுவர வேண்டியது மூன்று வரி. திங்கள், பால் சேர்த்த பிஸ்கட் கால் துண்டு, ஒன்றும் இல்லை. புதன், அரைத் துண்டு, ஒன்றும் இல்லை. சனி, முழுசாக ஒன்று, இன்னும் கேட்டு அழுதான்.